ஒஃபரை ஏற்றுக்கொண்ட பின், வேலையில் சேர்வதற்கு முன்: ஆட்சேர்ப்பு அலுவலரிடம் நான் கேட்டவை

கொழும்பிலுள்ள ஒரு கணக்கியல் சேவை நிறுவனத்தில், மெல்பேர்ண் நகரத்து வாடிக்கையாளர்களின் விலைப்பட்டியல்களைச் சரிபார்த்துப் பதிவுசெய்யும் வேலைக்கு 2024 செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் எனக்கு ஒஃபர் கடிதம் வந்தது. அதில் கையொப்பமிட்டு அனுப்பியதும், ஆட்சேர்ப்பு அலுவலரிடமிருந்து வாழ்த்தும் நன்றியும் கூறி ஒரு சிறிய பதில் கிடைத்தது. அதன் பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. வேலையில் சேரும் நாள் செப்டெம்பர் 30, திங்கட்கிழமை என்றும், வேலை நேரம் காலை 6.30 முதல் பிற்பகல் 3.30 வரை என்றும், முதல் வாரம் அலுவலகத்திலும் அதன் பின் வீட்டிலிருந்தும் பணிபுரிய வேண்டும் என்றும் கடிதத்தில் இருந்தது. வேலையின் தொடக்கத்தைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கொழும்பிலேயே வசிப்பவருக்கு இந்த மூன்று செய்திகள் போதுமாக இருக்கலாம். ஏதாவது விடுபட்டால் மறுநாள் கொண்டுவந்து கொடுக்கலாம்; கணினி தயாராகவில்லை என்றால் வீட்டுக்குப் போய் அடுத்த நாள் வரலாம். திருகோணமலையிலிருந்து போகிறவருக்கு நிலைமை வேறு. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தூரம். பஸ்ஸில் ஆறு ஏழு மணி நேரம் ஆகும். முதல் வாரத்தில் கிடைக்க வேண்டிய ஒரு பொருளோ ஒரு கடவுச்சொல்லோ கிடைக்காமல் ஊர் திரும்பினால், அதற்காக மறுபடியும் இரண்டு நாட்களைச் செலவிட வேண்டும். ஆகையால் சேரும் நாளுக்கு முன்பே எதையெதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்பதில் நான் அக்கறை எடுத்துக்கொண்டேன். அந்த அனுபவத்தை, இதே போல ஊரிலிருந்துகொண்டு கொழும்பு நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

உவர்மலையில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி வசிக்கும் அண்ணா ஒருவர், ஒரு நிறுவனத்தின் ஐ.டி. பிரிவில் பல காலம் வேலை செய்தவர். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கணினிகளைத் தயார்செய்து கொடுத்த அனுபவம் அவருக்கு உண்டு. கடிதத்தைக் காட்டியபோது அவர் கூறியது என் கேள்விகளின் அமைப்பையே மாற்றியது. "தம்பி, ஆட்சேர்ப்புப் பகுதியில் இருக்கிறவர்களுக்குக் கணினியைப் பற்றியோ மின்னஞ்சல் திறக்கிறதைப் பற்றியோ ஒன்றும் தெரியாது. அவர்கள் ஆளை எடுத்துக்கொடுத்துவிட்டு அடுத்த ஆளைத் தேடப் போய்விடுவார்கள். அவர்களிடம் விடையைக் கேளாதையும். அந்த விடை யாரிடம் இருக்கிறது, எந்த நாளுக்குள் அது உமக்கு வரும் என்று கேளும்."

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு நான் கேட்க வேண்டியவற்றைப் பிரித்துப் பார்த்தேன். முதல் நாள் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த ஆவணங்களைக் கொண்டுவர வேண்டும், யாரைச் சந்திக்க வேண்டும் என்பவற்றுக்கு மனிதவளப் பிரிவே விடை சொல்லும். மடிக்கணினியும் நிறுவன மின்னஞ்சலும் ஐ.டி. பிரிவின் பொறுப்பில் இருப்பவை. அன்றாட வேலை நேரத்தைக் குழுத்தலைவர் தீர்மானிப்பார். ஆட்சேர்ப்பு அலுவலர் இம்மூவருக்கும் இடையில் நிற்கிறார். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே தொடர்பும் அவர்தான். எனவே அவர் படித்த உடனேயே துண்டு துண்டாக உரியவர்களுக்கு அனுப்பிவிடக்கூடிய விதத்தில், ஒவ்வொரு பகுதியும் தனியே நின்று பொருள் தரும்படி கடிதத்தை எழுதினேன்.

புதிய மின்னஞ்சலாக எழுதாமல், கையொப்பமிட்ட ஒஃபரை அனுப்பிய அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாகவே இதை அனுப்பினேன். அப்படிச் செய்தால் என் பெயர், பதவி, சேரும் நாள், கடிதம் ஆகிய அனைத்தும் கீழேயே இருக்கும். அலுவலர் அதை ஐ.டி. பிரிவுக்கு அனுப்பும்போது எதையும் தேடி எடுக்க வேண்டியதில்லை. கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் பொருள் தமிழில் இவ்வாறு வரும்:

"வணக்கம். செப்டெம்பர் 30ஆம் திகதி சேர்வதற்கு ஆவலாக இருக்கிறேன். நான் திருகோணமலையிலிருந்து பயணம் செய்து வருவதால், பின்வருவனவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் நாள் நான் எத்தனை மணிக்கு, எந்த நுழைவாயிலில், யாருடைய பெயரைக் கூறி வர வேண்டும்? கடிதத்திலுள்ள 6.30 என்பது முதல் நாளுக்கும் பொருந்துமா? அது இலங்கை நேரமா? ஒக்டோபரில் மெல்பேர்ணில் நேரம் மாறும்போது அதுவும் மாறுமா?

மடிக்கணினியும் ஹெட்செட்டும் எந்த நாளில், எந்த இடத்தில் வழங்கப்படும்? முதல் வார வியாழக்கிழமைக்குள் அவை கிடைக்காது என்றால், வீட்டிலிருந்து வேலை தொடங்கும் நாளைச் சில நாட்கள் தள்ளிவைக்க இயலுமா?

நிறுவன மின்னஞ்சல் எந்த நாளில் திறக்கப்படும்? அதுவரை எனக்கான அழைப்புகள் இந்தத் தனிப்பட்ட முகவரிக்கு வருமா? தற்காலிகக் கடவுச்சொல் எந்த வழியாக எனக்குத் தரப்படும்?

முதல் வாரத்தின் நாள்வாரியான ஒழுங்கு இருந்தால் அனுப்பிவைக்க முடியுமா? நேரில் காட்ட வேண்டிய ஆவணங்களின் பட்டியலையும் அனுப்பினால் இங்கிருந்தே பெற்று வருவேன்.

இவற்றில் எதற்காவது வேறொருவர் பொறுப்பாக இருந்தால், அவருடைய தொடர்பைத் தந்தால் நானே கேட்டுக்கொள்வேன். நன்றி."

இதில் ஊரின் பெயரைக் குறிப்பிட்டது தற்செயலானதல்ல. ஒருவர் ஏன் இத்தனை கேட்கிறார் என்று அலுவலருக்கு விளங்கினால், கேள்விகள் தொந்தரவாகத் தோன்றுவதில்லை. 'பயணம் செய்து வருவதால்' என்ற ஒரு தொடர், எல்லாக் கேள்விகளுக்கும் காரணத்தை ஒரே இடத்தில் சொல்லிவிட்டது. கடைசி வரியும் அதே அளவு பயனுள்ளது. தன்னிடம் விடை இல்லாத கேள்வியைப் பலர் அப்படியே விட்டுவிடுவார்கள்; வேறொருவரின் தொடர்பைத் தருமாறு கேட்கும்போது விடை தெரியாதவரும் பதில் எழுதுவதற்கு ஒரு வழி கிடைக்கிறது.

பதில் வந்தபோது முதலில் தெளிவானது நேரம். முதல் நாளுக்கு 6.30 பொருந்தாது என்றார் அலுவலர். மனிதவளப் பிரிவினர் 8.30க்குத்தான் வருவார்கள், புதியவர்கள் 9 மணிக்கு வரவேற்பறையில் இருந்தால் போதும், அவருடைய பெயரைக் கூறினால் காவல் பகுதியில் தற்காலிக நுழைவு அட்டை தருவார்கள். அன்று 6.30க்குப் போயிருந்தால், உள்ளே விடுவதற்கு அதிகாரமுள்ள ஒருவரும் வராத கட்டடத்தின் முன்னால் இரண்டு மணி நேரம் நின்றிருக்க வேண்டும். ஒஃபர் கடிதத்தில் உள்ள வேலை நேரமும் முதல் நாள் வருகை தர வேண்டிய நேரமும் பல நிறுவனங்களில் வேறுபடுகின்றன. கடிதத்தில் இருப்பது பதவிக்கு உரிய நேரம், முதல் நாளின் நேரமோ அலுவலகத்தின் வசதியைப் பொறுத்தது. இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி நேராக அலுவலகம் போகலாம் என்று எண்ணியிருந்தவர்கள் இதை அறிந்தால் பயணத்தையே மாற்றிக்கொள்வார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட்டு, வெள்ளவத்தையில் மாமா வீட்டில் தங்கி, திங்கட்கிழமை நிதானமாகச் சென்றேன்.

இரண்டாவது விடை குழுத்தலைவரிடமிருந்து வந்தது, அது இன்னும் முக்கியமானது. இலங்கை நேரத்துக்கும் மெல்பேர்ண் நேரத்துக்கும் இடையில் வழக்கமாக நான்கரை மணி நேர வேறுபாடு உண்டு. ஆனால் மெல்பேர்ண் உள்ள விக்டோரியா மாநிலத்தில் ஒக்டோபர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். ஏப்ரல் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். 2024இல் அந்த ஒக்டோபர் ஞாயிறு 6ஆம் திகதி வந்தது. இலங்கையில் நேரம் மாறுவதில்லை என்பதால், வேறுபாடு அன்று முதல் ஐந்தரை மணி நேரமாகிறது. எங்கள் குழு மெல்பேர்ண் நேரம் காலை 11 மணியைத் தொடக்கமாக வைத்திருந்தது. செப்டெம்பர் 30 முதல் ஒக்டோபர் 4 வரை அது நமக்கு 6.30; ஒக்டோபர் 7 திங்கட்கிழமை முதல் அது 5.30. அதாவது என் முதல் வாரம் ஒரு நேரத்திலும், வீட்டிலிருந்து வேலை தொடங்கும் முதல் நாள் இன்னொரு நேரத்திலும் அமைந்திருந்தன. ஒஃபர் கடிதத்தை எழுதியவர் செப்டெம்பரில் நிலவிய நேரத்தை எழுதியிருந்தார். அதில் பிழை இல்லை, ஆயினும் ஒக்டோபர் 7ஆம் திகதி அதை நம்பி 6.30க்குக் கணினியைத் திறக்கிற புதியவர் ஒரு மணி நேரம் தாமதமானவராகப் பதிவாகியிருப்பார். அவுஸ்திரேலிய வாடிக்கையாளர்களுக்காக இயங்கும் நிறுவனங்களில் சேர்கிறவர்கள், வாடிக்கையாளர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரிஸ்பேன் உள்ள குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இந்த மாற்றம் கிடையாது.

அலுவலர் நேரத்துக்கும் கணினிக்கும் ஆவணங்களுக்கும் விடையளித்திருந்தார். மின்னஞ்சல் பற்றிய பகுதியை விட்டுவிட்டார். அது ஐ.டி. பிரிவுக்குப் போய் அங்கே தங்கிவிட்டிருக்கலாம். அந்த வாரம் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, பழைய கடிதத்தை முழுவதுமாக மீண்டும் அனுப்பாமல், விடுபட்ட கேள்வியை மட்டும் இரண்டு வரியில் எழுதி, 'மற்றவற்றுக்குக் கிடைத்த பதிலுக்கு நன்றி, இது ஒன்றுதான் மீதமிருக்கிறது' என்று அனுப்பினேன். மறுநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். தொலைபேசியில் சொன்னதை அன்றைக்கே சுருக்கி, 'நாம் பேசியபடி' என்று தொடங்கி ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைத்தேன். சேரும் நாளில் அந்த அலுவலர் விடுமுறையில் இருந்தால், அவருக்குப் பதிலாக வருகிறவர் கையில் இருக்கக்கூடிய ஆதாரம் அந்த மின்னஞ்சல் மட்டுமே.

மின்னஞ்சல் பற்றி அவர் சொன்னது இது. கணக்கை முன்கூட்டியே உருவாக்கி வைப்பார்கள். ஆனால் மனிதவளப் பதிவில் உள்ள சேரும் நாள் வரும்வரை அது பூட்டியே இருக்கும். தற்காலிகக் கடவுக்குறியீட்டைப் பதிவில் உள்ள கைத்தொலைபேசி எண்ணுக்கு அனுப்புவார்கள். அது ஒரு மணி நேரம் மட்டுமே செல்லும். அந்த நேரத்துக்குள் கடவுச்சொல்லை மாற்றி, கைத்தொலைபேசியில் உறுதிப்படுத்தும் செயலியையும் இணைத்து முடிக்க வேண்டும். இதைக் கேட்டவுடன் நான் இரண்டு காரியங்களைச் செய்தேன். விண்ணப்பத்தில் கொடுத்திருந்த எண் இப்போதும் என் கையில் உள்ள சிம்முக்கு உரியதுதானா என்று பார்த்தேன். செயலியை ஊரிலேயே இறக்கி வைத்து, அது என் பழைய தொலைபேசியில் இயங்குகிறதா என்றும் சோதித்தேன். குறியீடு வந்த பிறகு செயலி நிறுவ முடியவில்லை என்று தெரிந்தால், புதிய குறியீட்டுக்காக ஐ.டி. பிரிவில் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

கணக்கு உருவாக்கப்பட்டும் திறக்கப்படாமலும் இருக்கும் இந்த இடைப்பட்ட காலத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது, அதை அவருடன் பேசும்போதுதான் உணர்ந்தேன். நிறுவனத்தின் முகவரிப் பட்டியலில் என் பெயர் அப்போதே தோன்றத் தொடங்கிவிட்டதால், குழுத்தலைவர் திங்கட்கிழமை 10.30 கூட்டத்துக்கான அழைப்பை என் புதிய முகவரிக்கே அனுப்பியிருந்தார். அனுப்பியவரைப் பொறுத்தவரை அழைப்பு போய்விட்டது. எனக்கோ அந்தப் பெட்டியைத் திறக்க வழியில்லை. நான் கேட்டதனால் அலுவலர் தேடிப் பார்த்து, அந்த அழைப்பை என் தனிப்பட்ட முகவரிக்கு அனுப்பினார். ஆகவே 'மின்னஞ்சல் எப்போது கிடைக்கும்' என்று மட்டும் கேட்பது போதாது; 'அதுவரை எனக்கு அனுப்பப்படுகிறவை எங்கே வருகின்றன' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதே இடைக்காலத்தில்தான் ஏமாற்றுக்காரர்களும் நுழைகிறார்கள் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணினிக்கு முற்பணம் கட்டுமாறு கேட்டோ, வங்கி அட்டையின் படத்தைக் கேட்டோ, கைத்தொலைபேசிக்கு வந்த குறியீட்டைச் சொல்லுமாறு கேட்டோ செய்தி வந்தால், அதற்குப் பதில் எழுதாமல், ஒஃபர் வந்த முகவரிக்கும் நீங்கள் ஏற்கனவே பேசிய எண்ணுக்கும் தொடர்புகொண்டு கேளுங்கள். குறியீட்டை ஆட்சேர்ப்பு அலுவலருக்குக்கூடச் சொல்ல வேண்டிய தேவை ஒருபோதும் ஏற்படாது.

இனி மடிக்கணினி. இந்த ஒன்றுக்காகத்தான் வியாழக்கிழமை என்ற எல்லையைக் கடிதத்தில் வைத்தேன், அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நிறுவனம் இரண்டு வழிகளை முன்வைத்தது. கூரியர் மூலம் திருகோணமலைக்கு முன்பே அனுப்பலாம், அல்லது முதல் வாரத்தில் அலுவலகத்தில் வைத்தே தரலாம். முன்கூட்டிக் கையில் கிடைப்பது நல்லதுதானே என்று வீட்டில் கேட்டார்கள். உவர்மலை அண்ணாவோ அலுவலகத்தில் வாங்குவதே சரி என்று உறுதியாகச் சொன்னார். பல நிறுவனங்களின் விண்டோஸ் கணினிகள் நிறுவனத்தின் உள்வலையமைப்பில் உள்ள ஒரு சேவையகத்துடன் பிணைக்கப்பட்டிருக்கும். ஒருவர் அந்தக் கணினியில் முதன்முறை தன் பெயரைக் கொடுத்து உள்நுழையும்போது, கடவுச்சொல் சரியானதா என்று கணினி அந்தச் சேவையகத்தைக் கேட்கும். அது சரியென்று உறுதியான பின்பே அந்த விவரம் கணினியில் பதிந்து வைக்கப்படும். அதன் பிறகு வெளியிடத்திலும் உள்நுழையலாம். முதல்முறையே வீட்டில் முயன்றால் கணினிக்குச் சேவையகம் எட்டாது. அப்போது திரையில் வரும் செய்தி இது:

```
We can't sign you in with this credential because your domain isn't available.
```

கடவுச்சொல் சரியாக இருந்தாலும் இந்தச் செய்திதான் வரும். அலுவலக வலையமைப்புக்குள் தொலைவிலிருந்து செல்ல உதவும் வீ.பி.என். இருக்கிறதே என்று எண்ணலாம். ஆனால் அது பெரும்பாலும் உள்நுழைந்த பின் இயக்கும் ஒரு மென்பொருளாகவே நிறுவப்பட்டிருக்கும். உள்நுழைய முடியாதவர் அதை எப்படித் திறப்பது? உள்நுழையும் திரையிலேயே வீ.பி.என். கிடைக்கும்படி அமைக்கும் நிறுவனங்களும், சேவையகம் தேவைப்படாமல் இணையம் வழியாகவே கணினியை அமைத்துக்கொள்ள விடும் நிறுவனங்களும் உண்டு. உங்கள் நிறுவனம் எந்த வகை என்பது ஆட்சேர்ப்பு அலுவலருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் 'இந்தக் கணினியில் முதல்முறை வீட்டிலிருந்தே உள்நுழைய முடியுமா, அல்லது அலுவலகத்தில் ஒருமுறை உள்நுழைய வேண்டுமா' என்று எழுதினால், அவர் அதை அப்படியே ஐ.டி. பிரிவுக்கு அனுப்புவார், அவர்களுக்கு அது ஒரு வரியில் விடை சொல்லக்கூடிய கேள்வி. எனக்கு வந்த விடை, அலுவலகத்தில் ஒருமுறை உள்நுழைவது கட்டாயம் என்பதே.

அன்று சேர்ந்தவர்கள் பலர் என்பதால் கணினிகள் திங்கட்கிழமையே தயாராகவில்லை. எனக்குரியது புதன்கிழமை கிடைக்கும் என்று முன்பே அறிவித்திருந்தபடி அன்று மதியம் தந்தார்கள். அதுவரை வேறொருவரின் அருகிலிருந்து வேலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கணினியைப் பெறும்போது ஒரு படிவத்தில் கையொப்பமிட வேண்டியிருந்தது. படிவத்தில் உள்ள தொடர் இலக்கத்தைக் கணினியின் அடிப்பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டேன். மூடியின் ஓரத்தில் ஏற்கனவே ஒரு கீறல் இருந்தது. அதைப் படிவத்தில் எழுதச் சொல்லி, படமும் எடுத்துக்கொண்டேன். சார்ஜரும் ஹெட்செட்டும் படிவத்தில் தனித்தனியே குறிக்கப்பட்டிருந்தன. ஊரில் வைத்து ஏதாவது பழுதடைந்தால் கூரியர் செலவு யாருடையது என்ற கேள்விக்கு, நிறுவனத்தினுடையது என்று ஐ.டி. பிரிவினர் வாய்மொழியாகச் சொன்னதை மின்னஞ்சலில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

அதன் பின் வியாழக்கிழமை செய்த சோதனையைத்தான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். அலுவலக வலையமைப்பில் என் பெயரில் உள்நுழைந்து, கணினியை முழுவதுமாக அணைத்தேன். பிறகு அலுவலக வைஃபை எட்டாத கீழ்த்தள உணவகத்துக்கு எடுத்துச் சென்று, எந்த இணைப்பும் இல்லாமல் மீண்டும் உள்நுழைந்தேன். அது வெற்றிபெற்றதும், என் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட் மூலம் இணையத்தில் சேர்ந்து, வீ.பி.என். இயக்கி, மின்னஞ்சலையும் கணக்கு மென்பொருளையும் திறந்து பார்த்தேன். வீட்டில் இருக்கப்போகும் நிலையை அலுவலகத்துக்கு அருகிலேயே உருவாக்கிப் பார்க்கும் வழி இது. மின்னஞ்சல் திறந்தது, கணக்கு மென்பொருள் திறக்கவில்லை. என் பெயருக்கு வீ.பி.என். வழியாக அதை அடைவதற்கான அனுமதி சேர்க்கப்படாமல் இருந்தது. மேல் மாடிக்குப் போய்ச் சொன்னேன். அவர்கள் அனுமதியைச் சேர்த்தார்கள், வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அலுவலகத்துக்குள் அதே மென்பொருள் இரண்டு நாட்களாகத் தடையின்றித் திறந்துகொண்டிருந்தது என்பதால், வெளியே எடுத்துச் சென்று பார்க்காமல் இந்தக் குறையைக் கண்டுபிடித்திருக்க முடியாது. கணினி வெள்ளிக்கிழமை மாலை கிடைத்திருந்தால் இதற்கு நேரமே இருந்திருக்காது. வியாழக்கிழமை என்று நான் கேட்டதற்கு இதுவே காரணம்.

வீட்டுப் பக்கத்துத் தேவைகளில் நிறுவனம் எதைத் தரும், எதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அதே சமயத்தில் கேட்டுவிடுவது நல்லது. எங்கள் பக்கம் ஒக்டோபர் கடைசியிலிருந்து மழை வலுக்கும். அந்த மாதங்களில் மின்சாரம் தடைப்படுவது உண்டு. மடிக்கணினி தன் மின்கலத்தில் சிறிது நேரம் ஓடும், ஆனால் ரவுட்டர் உடனே அணைந்துவிடும். ரவுட்டருக்கான சிறிய யூ.பி.எஸ். தருவதில்லை என்று நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டதால், நானே திருகோணமலை நகரில் ஒன்றை வாங்கிக்கொண்டேன். தருவார்களா இல்லையா என்பது தெரியாமல் காத்திருப்பதைவிட, இல்லை என்ற பதில் பயனுள்ளது.

ஆவணங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எங்கள் ஊர்க்காரருக்கு ஒன்று முக்கியம். எனக்கு வந்த பட்டியலில் கிராம அலுவலர் சான்றிதழும் இருந்தது. அதைக் கிராம அலுவலரிடம் பெற்று, பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். இரண்டும் இங்கே மட்டுமே நடக்கக்கூடிய காரியங்கள். கிராம அலுவலரும் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை. கொழும்புக்குப் போன பிறகு இந்தத் தேவையை அறிந்துகொள்கிறவருக்கு வேறு வழியே கிடையாது. கல்விச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகளையும், முன்னர் வேலை செய்த இடத்தின் சேவைச் சான்றிதழையும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதியையும் கேட்டிருந்தார்கள்.

முகவர் நிறுவனம் ஒன்றின் மூலம் வேலை கிடைத்தவர்களுக்கு ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஆட்சேர்ப்பு அலுவலர், நீங்கள் வேலை செய்யப்போகும் நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்லர். பல நிறுவனங்களுக்கு ஆள் எடுப்பவர். அவர் நல்லெண்ணத்துடன் சொல்லும் வருகை நேரம்கூட இன்னொரு நிறுவனத்தின் வழக்கமாக இருக்கக்கூடும். நேரம், கணினி, மின்னஞ்சல் ஆகியவற்றை அவரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஒருவரின் தொடர்பைப் பெற்று, முகவரையும் நகலில் சேர்த்து எழுதுவது சரியான முறை. அவரைத் தவிர்த்துவிட்டு நேரடியாக எழுதினால் அவருக்கு மனவருத்தம் ஏற்படும், பின்னாளில் அவருடைய உதவியும் கிடைக்காது.

சம்பளம் எந்தத் திகதியில் வரும், விடுமுறை எத்தனை நாள், போயா தினங்களில் வேலை உண்டா என்பவற்றை வேண்டுமென்றே இந்தக் கடிதத்தில் சேர்க்கவில்லை. அவற்றையும் சேர்த்திருந்தால் கடிதம் நீண்டு, ஐ.டி. பிரிவுக்கு அனுப்ப வேண்டிய பகுதி நடுவில் மறைந்திருக்கும். சம்பளம் பற்றிய வரிகள் உள்ள கடிதத்தைப் பிற பிரிவுகளுக்கு அனுப்ப அலுவலரும் தயங்கியிருப்பார். முதல் நாள் நியமனக் கடிதத்திலும் ஊழியர் சேமலாப நிதிப் படிவத்திலும் கையொப்பமிடும்போது அவற்றை நேரில் கேட்டேன். சேமலாப நிதிக்கு என் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்படும் என்பதையும், நிறுவனம் 12 வீதம் செலுத்தும் என்பதையும், முந்தைய வேலையின் அங்கத்துவ விவரத்தைப் படிவத்தில் எங்கே எழுத வேண்டும் என்பதையும் அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாக விளக்கினார்.